இடையிசையில் தொலைந்த புல்லாங்குழல்

எங்கள் குடியிருப்பின் பொங்கல் விழாவில் பாடுவதாக அண்ணன் ஒத்துக்கொண்டுவிட்டார். பிரபலமான பாட்டு என்றால் கரோக்கே டிராக் எங்காவது கிடைக்கும். அவர் எடுத்ததோ கல்லூரி நாளில் கேட்ட, இன்று யாரும் தேடாத பாட்டு. "குரலை மட்டும் எடுத்துக் கொடுடா" என்று பென்டிரைவை நீட்டினார்.

முன்பெல்லாம் கரோக்கே கருவிகளில் குரலை நீக்க ஒரு பொத்தான் இருக்கும். ஸ்டீரியோ பாட்டில் பாடகரின் குரல் பெரும்பாலும் இரண்டு பக்கமும் சம அளவில் வரும். ஒரு பக்கத்திலிருந்து மற்றதைக் கழித்தால், இரண்டுக்கும் பொதுவான குரல் அழிந்துவிடும். கூடவே நடுவில் இருக்கும் பேஸ் கிட்டாரும் போய்விடும். குரலின் எதிரொலி மட்டும் ஆவிபோல மிஞ்சும். 60களின் மோனோ பாட்டுகளில் இரண்டு பக்கமும் ஒன்றேதான். கழித்தால் மிஞ்சுவது நிசப்தம்.

இன்றைய ஸ்டெம் பிரிப்பு இப்படிக் கழிப்பதில்லை, அடையாளம் காண்கிறது. குரலும் கருவிகளும் தனித்தனி டிராக்காகக் கிடைக்கும் பாட்டுகளைக் கொடுத்து, எந்த ஒலி எதைச் சேர்ந்தது என்று கணினியைப் பழக்குகிறார்கள். அதனால் மோனோ பாட்டும் பிரியும். 2019இல் டீசர் நிறுவனம் ஸ்ப்ளீட்டரை வெளியிட்டது. ஃபேஸ்புக்கின் ஆய்வாளர்கள் உருவாக்கிய டீமக்ஸ் இன்னும் சுத்தமாகப் பிரிக்கிறது. இரண்டும் இலவசம்.

நான் டீமக்ஸைத்தான் எடுத்தேன். பாட்டை முதலில் WAV கோப்பாக மாற்றிவிட்டு, கணினியில் இதைத் தட்டினேன்:

```
demucs --two-stems=vocals song.wav
```

பாட்டின் நீளத்தைவிடச் சற்றுக் கூடுதல் நேரம் பிடித்தது. `vocals.wav`, `no_vocals.wav` என்று இரண்டு கோப்புகள் வந்தன. கட்டளை தட்டப் பிடிக்காதவர்களுக்கு Ultimate Vocal Remover என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. பொத்தான்களை அழுத்தினால் போதும்.

பல்லவி அருமையாக வந்திருந்தது. முதல் இடையிசை வந்ததும் அண்ணன் முகம் சுருங்கியது. "புல்லாங்குழல் எங்கேடா?" குழல் தொலைதூரத்தில் யாரோ ஊதுவதுபோல் மங்கி, நடுநடுவே அறுந்து கேட்டது. சந்தேகப்பட்டு `vocals.wav`ஐத் திறந்தேன். பாடகர் மூச்சுவிடும் இடத்தில் குழல் அங்கே சுகமாக ஊதிக்கொண்டிருந்தது!

காரணம் இருக்கிறது. இந்த ஆய்வுகளில் அதிகம் பயன்படும் தொகுப்பு ஒன்றில் 150 பாட்டுகள். பெரும்பாலும் மேற்கத்திய பாப், ராக் வகை. நம் குழலும் வயலினும் கமகத்தோடு வளைந்து வளைந்து, மனிதக் குரலைப் போலவே நகரும். மேற்கத்தியப் பாட்டில் பழகிய காது அதைக் குரல் என்று எண்ணிவிடுகிறது. கணினியைக் குறை சொல்லிப் பயனில்லை. குரலைப் போல வாசிப்பதைத்தானே நம் வித்வான்கள் பெருமையாக நினைக்கிறார்கள்.

இதற்கு ஒட்டுப்போடும் வழி ஒன்று உண்டு. இடையிசையில் பாடகர் பாடுவதில்லை. அப்படியானால் அங்கே எதையும் பிரிக்கவே தேவையில்லை. ஆடாசிட்டியில் `song.wav`, `no_vocals.wav` இரண்டையும் ஒன்றின்கீழ் ஒன்றாக ஏற்றினேன். ஒரே WAVஇலிருந்து வந்ததால் இரண்டும் நொடி பிசகாமல் பொருந்தின. MP3யை நேராகக் கொடுத்தால் தொடக்கத்தில் நூலிழை விலகல் வர வாய்ப்புண்டு. 1:12 முதல் 1:36 வரை குரல் நீக்கிய டிராக்கை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் மூலப்பாட்டை வைத்தேன். இணைப்பில் 'டப்' என்று கேட்காமலிருக்க, இரண்டையும் கால் நொடிக்கு ஒன்றின்மேல் ஒன்று மங்கவிட்டேன். இரண்டாம் இடையிசைக்கும் அதே வைத்தியம். அங்கே வந்த கோரஸ் ஹம்மிங்கும் இதனால் தப்பியது. டீமக்ஸ் அதையும் குரலாகவே நினைத்துத் தூக்கியிருந்தது.

சரணத்தில் குரலும் குழலும் சேர்ந்து வரும் இடங்களுக்கு இந்த ஒட்டு உதவாது. அங்கே குழல் கொஞ்சம் மங்கித்தான் ஒலிக்கும். பாடுகிறவர் குரல் மேலே ஏறியதும் பெரிதாகத் தெரிவதில்லை.

பிறகு சுருதி. பாட்டு இரண்டு கட்டையில், அண்ணனுக்குச் சௌகரியம் ஒரு கட்டை. ஆடாசிட்டியின் Change Pitchஇல் இரண்டு அரைச்சுரம் கீழே இறக்கினேன், வேகம் மாறவில்லை. நான்கைந்து அரைச்சுரம் இறக்கியிருந்தால் தபேலா தகர டப்பாவாகியிருக்கும்.

பயிற்சிக்குக் குரலை முழுக்க நீக்காதீர்கள் என்பது என் கருத்து. `vocals.wav`ஐயும் அதே சுருதிக்கு இறக்கி, சன்னமாக அடியில் ஓடவிட்டால், எங்கே எடுப்பு என்று தெரியும். அண்ணன் ஒரு வாரம் அப்படிப் பாடிவிட்டுத்தான் குரலை முழுதாக அணைத்தார்.

நீங்கள் முயலும்போது வாட்ஸ்அப்பில் பல கை மாறி வந்த பிரதியை எடுக்காதீர்கள். அதில் ஏற்கெனவே நசுங்கிப்போன ஒலி, பிரித்தபின் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் குமிழியிடும். வீட்டில் பழைய சிடி இருந்தால் தூசி தட்டி அதிலிருந்து எடுங்கள்.