பொடி எப்படிக் கல்லாகிறது?

அரியலூர்ப் பக்கம் போனவர்கள் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகளைப் பார்க்காமல் திரும்பியிருக்க முடியாது. தமிழ்நாடு அரசின் சிமென்ட் ஆலை அங்கே 1979 முதல் இருக்கிறது. சுற்றுவட்டாரத்தில் தனியார் ஆலைகளும் உண்டு. சுண்ணாம்புக்கல்லோடு களிமண் போன்றவற்றைச் சேர்த்து மாவாக அரைத்து, மெதுவாகச் சுழலும் நீண்ட உருளைச் சூளைக்குள் விடுகிறார்கள். மறுமுனையில் கோலிக்குண்டு போன்ற கருஞ்சாம்பல் உருண்டைகள் விழுகின்றன. அவைதான் கிளிங்கர். அவற்றைக் கொஞ்சம் ஜிப்சத்தோடு அரைத்தால் சிமென்ட்.

மாவாகப் போனது எப்படி உருண்டையாக வந்தது? உருகி உறைந்ததா? முழுக்க அப்படி இல்லை. சூளையின் மிகச் சூடான இடத்தில் வெப்பம் சுமார் 1450 டிகிரி செல்சியஸ். அங்கேகூட ஏறக்குறைய கால் பங்குதான் உருகுகிறது. மீதி, திடப்பொருளாக இருந்தபடியே ஒட்டிக்கொள்கிறது. பொடி இப்படிச் சூட்டில் இணைந்து கட்டியாவதற்கு சிண்டரிங் என்று பெயர்.

ஏன் ஒட்டவேண்டும்? ரசத்தில் மிதக்கும் இரண்டு எண்ணெய்த் துளிகளைக் கரண்டியால் நெருக்கிப் பாருங்கள், சட்டென்று ஒன்றாகிவிடும். மேற்பரப்பு குறைந்தால் ஆற்றலும் குறையும் என்பதே காரணம். உள்ளே இருக்கும் அணுவைச் சுற்றி எல்லாப் பக்கமும் துணை உண்டு. மேற்பரப்பில் இருக்கும் அணுவுக்கு ஒரு பக்கம் துணை இல்லை. அந்தக் குறை, கூடுதல் ஆற்றலாக அங்கே தங்குகிறது.

ஒரு சென்டிமீட்டர் கனசதுரக் கல்லின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள துகள்களாக்கினால் மொத்த மேற்பரப்பு 6 சதுர மீட்டர், அதாவது ஒரு சிறிய அறையின் தரை! அந்தப் பரப்பைக் குறைத்துக்கொள்ளும் முனைப்புதான் சிண்டரிங்கை நடத்துகிறது. திடப்பொருளில் அணுக்கள் சுலபமாக நகர முடியாது. அவற்றை நகரவைக்கத்தான் சூடு.

எதுவும் உருகாமலே இது நடப்பதைப் பார்க்க அலுமினா நல்ல உதாரணம். பைக்கின் ஸ்பார்க் பிளக்கில் தெரியும் வெள்ளைப் பகுதி பெரும்பாலும் அலுமினாதான். அது உருக 2000 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆனால் நுண்ணிய பொடி 1600 டிகிரி அளவிலேயே கட்டியாகிவிடும். அச்சில் அழுத்திய 10 சென்டிமீட்டர் குச்சி ஒன்றில் 60 சதவீதம் பொடி, மீதி வெற்றிடம் என்று வைத்துக்கொள்வோம். சூடேறியதும், துகள்கள் தொடும் இடங்களில் சிறு கழுத்துகள் முளைக்கின்றன. குச்சி கொஞ்சம்தான் சுருங்கும். பிறகு கழுத்துகள் தடித்து, வெற்றிடம் ஒன்றோடொன்று இணைந்த சந்துகளாக மெலிகிறது. சுருக்கத்தின் பெரும்பகுதி இப்போதுதான். பொடியின் பங்கு 92 சதவீதத்தை நெருங்கும்போது சந்துகள் அறுபட்டுத் தனித்தனித் துளைகளாகின்றன. இது கடைசிக் கட்டம். அந்தத் துளைகளும் மூடிவிட்டால் குச்சியின் நீளம் சுமார் 8.4 சென்டிமீட்டர்.

ஆனால் அந்தக் கடைசித் துளைகள் லேசில் மூடாது. கட்டிக்குள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும் துகள்களை மணிகள் என்பார்கள். துளையை நிரப்பும் அணுக்கள், இரண்டு மணிகள் சந்திக்கும் எல்லையிலிருந்து வரவேண்டும். அதே சூட்டில் மணிகளும் வளர்கின்றன. சோப்பு நுரையில் பெரிய குமிழ் சின்னதை விழுங்குவதுபோல, பெரிய மணி சின்ன மணியை விழுங்கும். எல்லை வேகமாக நகர்ந்து துளையைத் தாண்டிப் போய்விட்டால் துளை மணிக்குள் சிறைப்படும். அதன்பின் எவ்வளவு நேரம் சுட்டாலும் அது மூடுவது மிகக் கடினம். 1950களின் இறுதியில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் ராபர்ட் கோபிள் இதற்கு வழி கண்டார். அலுமினாவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாக மெக்னீசியம் ஆக்சைடு சேர்த்தார். மணிகளின் அவசர வளர்ச்சி அடங்கி, துளைகள் ஏறக்குறைய முற்றிலும் மறைந்தன. துளைகள்தான் ஒளியைச் சிதறடித்து அலுமினாவை வெள்ளையாகக் காட்டுபவை. அவை போனதும் ஒளி ஊடுருவியது. தெருக்களில் மஞ்சளாக எரியும் சோடியம் விளக்கின் உள்குழாய் அந்த அலுமினாதான்.

கிளிங்கரிலும் மணிகளின் வளர்ச்சி தொல்லை தரும். அதிக நேரம் கடும் சூட்டில் கிடந்தால் மணிகள் பெருத்துவிடும். அப்படிப்பட்ட கிளிங்கரை அரைப்பது சிரமம், சிமென்ட் வலுப் பிடிப்பதும் மந்தம். துளைகளைப் பற்றி மட்டும் அங்கே கவலையில்லை, எப்படியும் அரைக்கத்தானே போகிறார்கள்!

ஒரு கட்டி எந்தக் கட்டத்தில் நின்றது என்று நீங்களே சோதிக்கலாம். செங்கல் ஒன்றை உலர்த்தி எடைபோட்டு வாளித் தண்ணீரில் போடுங்கள். சரம்சரமாகக் குமிழ்கள் வந்தால் அதன் சந்துகள் இன்னும் வெளியே திறந்திருக்கின்றன. மறுநாள் எடுத்துத் துடைத்து மறுபடி எடைபோடுங்கள். பீங்கான் கோப்பையின் உடைந்த துண்டு ஒன்று கிடைத்தால், பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு அதையும் இப்படியே சோதியுங்கள். எது எவ்வளவு தண்ணீர் குடித்தது என்று எங்களுக்கு எழுதுங்கள்.