ஒரு கைப்பிடி கிஸ்மிஸ்

நாய் திராட்சை தின்றுவிட்டது, ஒன்றும் ஆகாதே என்று கேட்டால், ஆகலாம் என்பதுதான் நேரான பதில். பச்சைத் திராட்சை, பன்னீர் திராட்சை, விதையில்லாதது, காய்ந்த கிஸ்மிஸ் எதுவானாலும் சில நாய்களுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போகிறது. எல்லா நாய்களுக்கும் அப்படி ஆவதில்லை. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. "எங்க வீட்டு டைகர் கொத்தா தின்னுச்சு, நல்லாத்தான் இருக்கு" என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் அது பொய்யல்ல. ஆனால் டைகர் தப்பியதை வைத்து உங்கள் நாயும் தப்பும் என்று சொல்ல முடியாது.

இது மருத்துவர்களுக்கே தெரிய வந்து அதிக காலம் ஆகவில்லை. அமெரிக்காவில் விலங்குகளுக்கான விஷத் தகவல் மையம் ஒன்றுக்கு வந்த தொலைபேசி அழைப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், சிறுநீரகம் செயலிழந்த பல நாய்கள் அதற்கு முன் திராட்சையோ கிஸ்மிஸோ தின்றிருந்ததைக் கவனித்து 2001இல் எழுதினார்கள். பூச்சிமருந்தாக இருக்குமோ, பூஞ்சையாக இருக்குமோ என்று முதலில் சந்தேகப்பட்டார்கள். தோட்டத்தில் மருந்தே அடிக்காமல் வளர்த்த பழத்தைத் தின்ற நாய்களும் படுத்துவிட்டன. இருபது ஆண்டுகள் காரணம் பிடிபடவில்லை.

பிடிபட்ட விதம் விசித்திரமானது. ஒரு நாய் திராட்சையைத் தொடவே இல்லை. வீட்டில் பிள்ளைகள் விளையாடப் பிசைந்துவைத்த களிமாவைத் தின்றது. அந்த மாவில் கேக் செய்பவர்கள் பயன்படுத்தும் 'கிரீம் ஆஃப் டார்டர்' என்ற வெள்ளைப் பொடி சேர்த்திருந்தார்கள். நாய் வாந்தி எடுத்தது, சிறுநீரகம் கெட்டது, எல்லாமே திராட்சை தின்ற நாய்க்கு நடப்பது போலவே நடந்தது. கிரீம் ஆஃப் டார்டர் என்பது டார்டாரிக் அமிலத்தின் உப்பு. ஒயின் பீப்பாயின் உட்சுவரில் படியும் படிகமும் அதுவே, அதாவது திராட்சையிலிருந்து வருவது. மற்ற பழங்களில் இந்த அமிலம் இவ்வளவு இருப்பது அபூர்வம். 2021இல் அமெரிக்க மருத்துவர்கள் இதைத்தான் காரணம் என்று முன்வைத்தார்கள். மனிதர்கள் திராட்சை தின்று ஒன்றும் ஆகாதபோது நாய்க்கு மட்டும் ஏன் என்பதற்கும் ஒரு விளக்கம் இருக்கிறது. இந்த அமிலத்தைச் சிறுநீரகத்திலிருந்து வெளியே தள்ளும் வழி நாய்க்குக் குறைவு. அமிலம் சிறுநீரகக் குழாய்களின் செல்களிலேயே தேங்கி அவற்றைக் கொல்கிறது.

டைகர் தப்பியதற்கான காரணமும் இதிலேயே இருக்கிறது. ஒவ்வொரு திராட்சை ரகத்திலும் டார்டாரிக் அமிலத்தின் அளவு வேறு. காய் பழுக்கப் பழுக்கப் புளிப்பு குறைகிறது. ஒரே கொடியில் இந்த வாரம் பறித்ததும் அடுத்த வாரம் பறித்ததும் ஒன்றல்ல. தின்ற பழத்தில் எவ்வளவு அமிலம் இருந்தது என்பதை வீட்டில் யாராலும் சொல்ல முடியாது. தோலை உரித்தாலோ விதையை எடுத்தாலோ பயனில்லை, அமிலம் சதையிலும் இருக்கிறது. கிஸ்மிஸில் தண்ணீர் போய் அமிலம் செறிந்துவிடுவதால் சிறிய அளவே போதும். கேக்கில் வெந்த கிஸ்மிஸ், பாயசத்தில் ஊறிய கிஸ்மிஸ் என்றெல்லாம் சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம், அடுப்புச் சூட்டில் இந்த அமிலம் அழிவதில்லை.

நமக்கு நெருக்கமான செய்தி இன்னொன்று. டார்டாரிக் அமிலம் நிறைந்த வேறொரு பழம் புளி. 2022இல் அந்த மருத்துவர்கள் வெளியிட்ட கட்டுரையில் ஆறு நாய்களின் கதை இருக்கிறது. நான்கு நாய்கள் கிரீம் ஆஃப் டார்டர் தின்றவை, இரண்டு புளி தின்றவை. ஆறுக்கும் சிறுநீரகம் பாதித்தது. இதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது, நம் ஊரில் சாம்பார் சாதத்திலேயே வளர்ந்த நாய்கள் எத்தனை என்பதுதான். அவை படுத்துவிடவில்லையே என்றால், ஒரு குடும்பத்துக்கான சாம்பாரில் போவது எலுமிச்சை அளவு புளி, அதில் நாயின் தட்டுக்கு வருவது ஒரு துளி. அதற்காக நேற்று வைத்த சாதத்தை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம். ஆனால் டப்பாவில் இருக்கும் புளி உருண்டை, கரைத்துவைத்த கெட்டிப் புளி, புளிக்காய்ச்சல் ஆகியவற்றில் நாய் வாய் வைத்தால் திராட்சை தின்றதைப் போலவே எடுத்துக்கொள்ளுங்கள். (சாம்பாரில் உள்ள வெங்காயமும் பூண்டும் நாய்க்கு ஆகாது. அது தனிக் கதை.)

எவ்வளவு தின்றால் ஆபத்து? சிறுநீரகம் கெட்டதாகப் பதிவான நாய்களில் மிகக் குறைந்த அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 2.8 கிராம் கிஸ்மிஸ். பழமாக இருந்தால் கிலோவுக்கு 19.6 கிராம். இது 'இதுவரை பரவாயில்லை' என்று போட்ட கோடு அல்ல, பதிவானவற்றில் கீழ்மட்டம், அவ்வளவுதான். அதனால் மருத்துவர்கள் இன்னும் கறாராக இருக்கிறார்கள். நான்கரை கிலோ எடைக்கு ஒரு பழத்துக்கு மேல் போனாலே வாந்தி எடுக்க வைத்துவிடலாம் என்பவர்கள் உண்டு. முப்பது கிலோ லேப்ரடார் கீழே விழுந்த ஒரே ஒரு திராட்சையை நக்கி விழுங்கியதற்கு ஓட வேண்டியதில்லை. மூன்று கிலோ பொமரேனியன் நான்கு கிஸ்மிஸ் தின்றால் மருத்துவரைக் கேட்டாக வேண்டும்.

ஒரு இரவை எடுத்துக்கொள்வோம். வீட்டில் 12 கிலோ நாட்டு நாய். கேசரிக்காக வாங்கிய 100 கிராம் கிஸ்மிஸ் பாக்கெட்டில் பாதி செலவாகி, மீதி மேசை ஓரத்தில் இருந்தது. ஒன்பது மணிக்குப் பார்த்தால் கிழிந்த பாக்கெட் தரையில் கிடக்கிறது. எட்டரைக்கு அது மேசையில் இருந்தது நினைவிருக்கிறது. ஆக, 50 கிராம், அரை மணி நேரத்துக்குள். 12 கிலோவுக்கு வகுத்தால் கிலோவுக்கு நான்கு கிராமுக்கு மேல். பதிவான கீழ்மட்டத்தைத் தாண்டிவிட்டது. நாயோ வாலை ஆட்டிக்கொண்டு இன்னும் கிடைக்குமா என்று பார்க்கிறது. இந்த உற்சாகத்தை நம்பக் கூடாது. முதல் அறிகுறி வாந்தி, அது பெரும்பாலும் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் வரும், சில நாய்களில் ஒரு நாள் கூட ஆகும். அதற்குள் போனால்தான் சுலபம்.

மருத்துவரிடம் போனில் சொல்ல வேண்டியவை மூன்று: எடை, தின்ற அளவு, தின்ற நேரம். எடை தெரியாவிட்டால் நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுங்கள், பிறகு தனியாக ஏறிக் கழித்துக்கொள்ளுங்கள். கிழிந்த பாக்கெட்டையும் கையோடு எடுத்துப் போங்கள். வீட்டில் உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ரத்தத்தில் உப்பு ஏறி, திராட்சையால் வராத ஆபத்து உப்பால் வந்துவிடும். ஹைட்ரஜன் பெராக்சைடு கொடுக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். அது வயிற்றின் உட்தோலைப் புண்ணாக்கும், புரையேறி நுரையீரலுக்கும் போகலாம். மருத்துவரே போனில் அளவு சொல்லிக் கொடுக்கச் சொன்னாலொழிய அதைத் தொட வேண்டாம். பக் மாதிரி சப்பை மூக்கு நாய்க்குப் புரையேறும் பயம் இன்னும் கூடுதல்.

மருத்துவமனையில் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைப்பார்கள். திராட்சையும் கிஸ்மிஸும் வயிற்றில் நெடுநேரம் தங்குபவை. நாலைந்து மணி நேரம் கழித்து வந்த நாய்கூடப் பழத்தை முழுசாகக் கக்குவதுண்டு. கிஸ்மிஸ் தண்ணீர் குடித்து உப்பிப் பழம் போலவே வெளியே வரும். எத்தனை வந்தது என்று எண்ணிப் பார்ப்பார்கள், அருவருப்பாக இருந்தாலும் நீங்களும் பாருங்கள். நேரமாகிவிட்டதே, இனிப் போய் என்ன என்று வீட்டிலேயே இருந்துவிடுவதுதான் பெரிய தவறு.

அதன் பிறகு ட்ரிப்ஸ். அளவு அதிகமாக இருந்தால் இரண்டு நாள் நரம்பு வழியாகத் திரவம் ஏற்றி, சிறுநீரகத்தைக் கழுவிக்கொண்டே இருப்பார்கள். இந்த நாட்களில் மருத்துவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது சிறுநீரைத்தான். சாதாரணமாக ஒரு கிலோ எடைக்கு மணிக்கு ஒன்றிரண்டு மில்லி வரும். நம் 12 கிலோ நாய்க்கு மணிக்கு 12 முதல் 24 மில்லி. ட்ரிப்ஸ் ஏறும்போது இன்னும் கூடுதலாக வர வேண்டும். ஏற்றியும் வரவில்லை என்றால் சிறுநீரகம் மூடிக்கொள்கிறது என்று பொருள். அந்த நிலையில் மிஞ்சும் வழி டயாலிசிஸ். அது எல்லா ஊரிலும் கிடைக்காது. சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நாய்களுக்கு டயாலிசிஸ் செய்கிறார்கள்.

பிழைக்குமா என்று தேடினால் ஒன்றுக்கொன்று ஒட்டாத இரண்டு எண்கள் கிடைக்கும். 2005இல் வந்த ஆய்வில் 43 நாய்களில் 23 மட்டுமே பிழைத்தன. 2020இல் வந்த 139 நாய்களின் ஆய்வில், சிறுநீரகம் பாதித்தவையே நூற்றுக்கு ஏழு அளவுதான். முதலாவது, சிறுநீரகம் ஏற்கெனவே செயலிழந்த நாய்களின் கணக்கு. இரண்டாவது, திராட்சை தின்றதும் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட நாய்களின் கணக்கு. உங்கள் நாய் எந்தக் கணக்கில் சேரும் என்பது பெரும்பாலும் இன்றிரவு நீங்கள் எவ்வளவு சீக்கிரம் கிளம்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

வீட்டுக்கு அனுப்பிவிட்டால் மூன்று நாள் பாருங்கள். சோறு வேண்டாம் என்கிறதா, மந்தமாகப் படுத்தே கிடக்கிறதா, மறுபடி வாந்தியா, நடை தள்ளாடுகிறதா, எப்போதும் காலைத் தூக்கும் மின்கம்பத்தில் சிறுநீர் வந்ததா. முதல் நாள் எடுக்கும் ரத்தப் பரிசோதனை சரியாக இருப்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. சேதம் ரத்தத்தில் தெரிய ஒன்றிரண்டு நாள் ஆகும், முதல் பரிசோதனை பின்னால் ஒப்பிட மட்டுமே. 24, 48, 72 மணி நேரத்தில் திரும்பவும் எடுக்கச் சொல்வார்கள். அப்போது 'நார்மல்' என்று கேட்டதோடு வந்துவிடாமல் கிரியேட்டினின் எண்ணையே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். 0.8 இருந்தது இரண்டு நாளில் 1.1 ஆனால், காகிதத்தில் அது இன்னும் நார்மல் வரம்புக்குள்தான் இருக்கும். ஆனால் 48 மணி நேரத்தில் 0.3 ஏறுவதையே சிறுநீரகப் பாதிப்பின் தொடக்கமாக மருத்துவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி ஏறியிருந்தால் ட்ரிப்ஸை நிறுத்தும் நேரம் இன்னும் வரவில்லை.