லூப் சரிதான் என்று எப்படிச் சொல்வது?

ஒரு பட்டியலில் இருக்கும் எண்களில் மிகப் பெரியது எது? நிரல் எழுதப் பழகுகிறவர்கள் தொடக்க நாட்களிலேயே போட்டுப் பார்க்கும் கணக்கு இது. பைத்தானில் இப்படி எழுதலாம்:

```
m = a[0]
i = 1
while i < len(a):
    if a[i] > m:
        m = a[i]
    i = i + 1
```

`a` என்பது பட்டியல், `len(a)` அதிலுள்ள எண்களின் எண்ணிக்கை. பைத்தான் 0-விலிருந்து எண்ணுவதால் `a[0]` முதல் எண், `a[1]` இரண்டாவது. இதுவரை கண்டதில் பெரியதை `m` வைத்துக்கொள்கிறது. எத்தனை எண்களைப் பார்த்தாயிற்று என்பதை `i` சொல்கிறது.

இது சரியா என்று கேட்டால், ஓட்டிப் பார்த்தேன், சரியாகத்தான் வந்தது என்பார்கள் பலர். எத்தனை பட்டியல்களுக்கு ஓட்டிப் பார்ப்பது? 0 முதல் 99 வரையுள்ள எண்களில் பத்தை வரிசையாக எழுதினால் மட்டும், 1-க்குப் பின்னால் 20 பூஜ்யங்கள் போடும் அளவுக்கு வெவ்வேறு பட்டியல்கள் கிடைக்கும். ஓட்டிப் பார்த்து இதை முடிக்க இயலாது. ஆனால் ஒரே ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டால், எல்லாப் பட்டியல்களுக்கும் சேர்த்து ஒரே தடவையில் பதில் சொல்லிவிடலாம். அந்த வாக்கியம் இது:

`m` என்பது, பட்டியலின் முதல் `i` எண்களில் மிகப் பெரியது.

நிரல் `while` வரிக்கு வந்து நிற்கும் ஒவ்வொரு முறையும் இது உண்மையாக இருக்க வேண்டும். `m` மாறும், `i` மாறும். அவற்றுக்கு இடையிலான இந்த உறவு மட்டும் மாறாது. இதைத்தான் லூப் இன்வேரியன்ட் என்கிறார்கள். நாம் மாறா உண்மை என்று வைத்துக்கொள்வோம்.

லே நகரத்துக் குளிர்காலத்தின் நான்கு நாள் வெப்பநிலை −9, −4, −13, −6 டிகிரி என்று கொள்வோம். `while` வரிக்கு முதலில் வரும்போது `i` 1, `m` −9. முதல் ஓர் எண்ணில் பெரியது −9 என்பது உண்மை. அடுத்து வரும்போது `i` 2, `m` −4; அதுவும் உண்மை. பிறகு `i` 3, `i` 4 என்று நகர்கிறது, `m` −4-லேயே நிற்கிறது. ஒவ்வொரு முறையும் வாக்கியம் பொருந்துகிறது.

நான்கு எண்களுக்குப் பொருந்தியதால் எல்லாவற்றுக்கும் பொருந்தும் என்று ஆகிவிடாது. அதற்கு மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும்.

தொடக்கத்தில் அது உண்மையா? `i` 1, `m` முதல் எண். ஒரே எண்ணில் அதுவேதான் பெரியது. ஆம்.

ஒரு சுற்றுக்கு முன்னால் உண்மையாக இருந்தால், சுற்று முடிந்த பின்னும் உண்மையா? இங்கேதான் முழு வேலையும் இருக்கிறது. முதல் `i` எண்களில் பெரியது `m`-இல் இருக்கிறது. இப்போது புதிதாக `a[i]` வருகிறது. அது `m`-ஐ விடப் பெரியதென்றால், முன்னால் வந்த எல்லாவற்றையும் விடப் பெரியது. அதை `m`-இல் வைத்தது சரி. பெரியதில்லை என்றால் பழைய `m`-தான் இன்னும் பெரியது. அதைத் தொடாமல் விட்டதும் சரி. எப்படியானாலும் ஓர் எண் கூடுதலாகப் பார்த்தாயிற்று. `i`-யை ஒன்று கூட்டியதும் வாக்கியம் மறுபடி உண்மையாகிவிடுகிறது. `m`-ஐ மாற்றிய பின், `i`-யைக் கூட்டுவதற்கு முன், ஒரு கணம் அது பொய்யாக இருக்கலாம். அதனால் பாதகமில்லை; `while` வரியில் உண்மையாக இருந்தால் போதும்.

லூப் நிற்கும்போது நமக்கு என்ன கிடைக்கிறது? `i < len(a)` என்பது பொய்யாகும்போதுதான் நிற்கிறது. `i` ஒவ்வொன்றாகத்தான் கூடுகிறது. எனவே நிற்கும்போது அது சரியாக `len(a)`. வாக்கியத்தில் `i` இருக்கும் இடத்தில் `len(a)` என்று போட்டுப் படியுங்கள்: பட்டியல் முழுவதிலும் மிகப் பெரியது `m`.

இந்த முறையின் உண்மையான பயன் பிழையுள்ள நிரலில்தான் தெரியும். முதல் வரியை `m = 0` என்றும், `i`-யை 0 என்றும் எழுதுகிறவர்கள் நிறைய. மதிப்பெண்களுக்கு அது ஓடும். லே வெப்பநிலைக்குக் கொடுத்தால் விடை 0 என்று வரும். அப்படி ஒரு நாளே பட்டியலில் இல்லை. "மிகப் பெரியது" என்ற சொல்லுக்குள் இரண்டு நிபந்தனைகள் ஒளிந்திருக்கின்றன: பார்த்த எந்த எண்ணும் `m`-ஐ விடப் பெரிதாக இருக்கக் கூடாது; `m` அந்த எண்களில் ஒன்றாகவும் இருக்க வேண்டும். `m = 0` முதல் நிபந்தனையை மீறவில்லை, இரண்டாவதை மீறுகிறது. முதல் கேள்வியிலேயே பிழை அகப்பட்டுவிடுகிறது, நிரலை ஓட்டாமலே.

இன்னொரு பிழை இதைவிட நயவஞ்சகமானது. `while i < len(a) - 1` என்று எழுதிவிட்டால் முதல் இரண்டு கேள்விகளிலும் நிரல் தேறிவிடும். நிற்கும்போது மட்டும் `i` ஒன்று குறைவாக இருக்கும். கடைசி எண்ணைத் தவிர மற்றவற்றில் பெரியது `m` என்றுதான் சொல்ல முடியும். வெவ்வேறான பத்து எண்களைக் கலைத்துப் போட்டுச் சோதித்தால், பெரிய எண் கடைசியில் வந்து விழும் வாய்ப்பு பத்தில் ஒன்று. மீதி ஒன்பது பங்கும் சோதனை வெற்றி என்றே காட்டும்.

`i = i + 1` வரியை மறந்தால் வேறு விதமான சிக்கல். முதல் எண்ணை விட இரண்டாவது எண் பெரியதில்லை என்றால் வாக்கியம் என்றைக்கும் பொய்யாகாது, ஆனாலும் லூப் என்றைக்கும் நிற்காது. ஆகவே, நிற்கும் என்பதைத் தனியே காட்ட வேண்டும். பார்க்க மிச்சமிருக்கும் எண்களின் எண்ணிக்கை, அதாவது `len(a) - i`, சுற்றுக்குச் சுற்று ஒன்று குறைகிறது; பூஜ்யத்துக்கு வந்ததும் லூப் நின்றாக வேண்டும். 1949-இல் கேம்பிரிட்ஜில் ஆலன் டூரிங் வாசித்த ஒரு கட்டுரையிலேயே இந்த இரண்டும் இருக்கின்றன: நிரலின் குறிப்பிட்ட இடங்களில் எது உண்மை என்று எழுதிச் சரிபார்ப்பது, குறைந்துகொண்டே போகும் ஓர் அளவைக் காட்டி நிரல் முடியும் என்று நிறுவுவது. ராபர்ட் ஃபிளாய்ட் 1967-லும் டோனி ஹோர் 1969-லும் இதை முறையான தர்க்கமாக வளர்த்தெடுத்தார்கள்.

நிரூபணத்துக்கும் எல்லை உண்டு. அது எதை நம்பி நிற்கிறதோ, அது பொய்த்தால் நிரூபணமும் போய்விடும். பட்டியல் காலியாக இருந்தால் `a[0]` என்ற வரியே பிழை காட்டி நின்றுவிடும். பட்டியலில் ஓர் எண்ணாவது இருக்கிறது என்பதை நாம் சொல்லாமலே எடுத்துக்கொண்டோம். இதைவிடச் சூட்சுமமான ஒன்றும் உண்டு. `a[i]` பெரியதில்லை என்றால் அது `m`-க்குச் சமம் அல்லது சிறியது என்றுதானே வாதிட்டோம்? கணினியின் தசம எண்களில் `nan` என்று ஒன்று இருக்கிறது. அளவீடு கிடைக்காத இடத்தில் அதை வைப்பார்கள். அது எந்த எண்ணை விடவும் பெரியதும் அல்ல, சிறியதும் அல்ல, சமமும் அல்ல. பட்டியலின் முதல் இடத்தில் `nan` இருந்தால், எந்த எண் வந்தாலும் `a[i] > m` பொய்யாகும். கடைசியில் `m`-இல் `nan`-தான் இருக்கும். பைத்தானின் சொந்த `max` கூட, `nan` முதலில் வந்தால் அதையே விடையாகத் தரும். நிரூபணத்தை எழுதிப் பார்த்தவருக்கு எந்த வரியில் இது நுழைகிறது என்று தெரியும். பத்துப் பட்டியல்களை ஓட்டிப் பார்த்தவருக்குத் தெரியாது.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை `while` எழுதும்போது, அதன் தலைக்கு மேல் அந்த மாறா உண்மையை ஒரு குறிப்பு வரியாகத் தமிழிலேயே எழுதிவிட்டு, பிறகு உள்ளே போங்கள். வாக்கியம் எழுத வரவில்லை என்றால், அந்த லூப் என்ன செய்கிறது என்பது இன்னும் பிடிபடவில்லை என்று பொருள். அதை ஓட்டிப் பார்க்கும் நேரம் இன்னும் வரவில்லை.