தாய்க்கு மகிழ்ச்சி வராதபோது

பிள்ளை பெற்ற மூன்றாம், நான்காம் நாளில் காரணமின்றி அழுகை வருவது பல தாய்மாருக்கு உண்டு. ஹார்மோன் அளவு சட்டென்று இறங்குவதும் தூக்கமின்மையும் இதில் பங்கு வகிக்கின்றன. பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தானாகவே சரியாகிவிடும்.

அதற்கு மேலும் நீடித்தால் அது பேறுகாலத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். குழந்தை அயர்ந்து தூங்கும்போதும் தாய்க்குத் தூக்கம் வராது. பார்க்க வந்தவர்கள் “தங்க விக்கிரகம் மாதிரி பிள்ளை, உனக்கென்ன குறை?” என்பார்கள். அவள் சிரித்து வைப்பாள்; “எனக்கு மட்டும் ஏன் பாசம் சுரக்கவில்லை, நான் தாயே இல்லையோ” என்று உள்ளுக்குள் குமைவாள். அந்தக் குற்ற உணர்ச்சியும் நோயின் அறிகுறிதான். ஆனால் அதுவே வாயைக் கட்டிப்போடுவதால் நோய் வெளியே தெரிவதில்லை.

இதைக் கண்டறிய 1987இல் வெளியான எடின்பரோ அளவுகோலில் 10 கேள்விகள் உள்ளன. கடந்த 7 நாட்களில் தேவையின்றித் தன்னையே பழித்துக்கொண்டதுண்டா என்பது அவற்றில் ஒன்று. மொத்தம் 30 மதிப்பெண். 13 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவர் விரிவாகப் பரிசோதிப்பார். தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றிய கடைசிக் கேள்விக்கு ‘ஆம்’ என்றால், மொத்த மதிப்பெண் குறைவாக இருந்தாலும் உடனடியாகக் கவனிக்க வேண்டும். மனநல ஆலோசனையாலும், தேவைப்பட்டால் பாலூட்டும்போதும் எடுக்கக்கூடிய மருந்துகளாலும் இதைக் குணப்படுத்தலாம்.