வைஃபை திடீரென்று அறுந்தால் சேனல் எண்ணைப் பாருங்கள்

வீட்டில் எல்லாருடைய வைஃபையும் ஒரே நேரத்தில் அறுகிறது. ஒரு நிமிடம் கழித்துத் தானாகவே வந்துவிடுகிறது. கேபிள் மாட்டிய கம்ப்யூட்டருக்கோ ஒரு தடங்கலும் இல்லை. இப்படி நடந்தால் இணைப்புக் கொடுத்தவர்களுக்குப் போன் செய்வதற்கு முன்னால், ரவுட்டர் எந்தச் சேனலில் ஓடுகிறது என்று பாருங்கள்.

5 ஜிகாஹெர்ட்ஸில் 52 முதல் 144 வரையுள்ள சேனல்கள் ரேடார்களும் பயன்படுத்தும் இடம். அங்கே முன்னுரிமை ரேடாருக்குத்தான். அமெரிக்க விதியை எடுத்துக்கொள்வோம். ரவுட்டர் அந்தச் சேனலில் பேசத் தொடங்கும் முன் 60 விநாடி காது கொடுத்துக் கேட்க வேண்டும். பிறகு எப்போது ரேடார் துடிப்பு கேட்டாலும் 10 விநாடிக்குள் வெளியேறிவிட வேண்டும். அடுத்த 30 நிமிடம் அந்தப் பக்கமே வரக்கூடாது. போகும் இடமும் ரேடார் சேனலாக இருந்தால், அங்கேயும் முதலில் ஒரு நிமிடம் மௌனம். உங்கள் வீடியோ கால் உறைந்து நிற்பது அந்த ஒரு நிமிடத்தில்தான்.

இந்தக் கண்டிப்புக்கு வலுவான காரணம் உண்டு. விமான நிலையத்தருகே, தரையிறங்கும் விமானத்தைக் கீழே தள்ளக்கூடிய திடீர்க் காற்றைக் கண்டுபிடிக்கும் வானிலை ரேடார்கள் 5600 முதல் 5650 மெகாஹெர்ட்ஸுக்குள் இயங்குகின்றன. 2009இல் போர்ட்டோ ரீக்கோவின் சான் ஹுவானில் அப்படியொரு ரேடாருக்குக் கம்பியில்லாக் கருவிகளால் இடையூறு ஏற்பட்டது தெரியவந்தது.

பலர் கவனிக்காமல் விடுவது சேனலின் அகலத்தை. ரவுட்டர் பக்கத்தில் 116 என்றும் 80 மெகாஹெர்ட்ஸ் என்றும் இருந்தால், உண்மையில் அது 116, 120, 124, 128 ஆகிய நான்கையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. அதாவது, அந்த வானிலை ரேடாரின் இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. 36 என்று போட்டுவிட்டு அகலத்தை 160 ஆக்கினாலும் இதே கதைதான். அது 64 வரை நீண்டுவிடும்.

ரேடார்தான் காரணமா என்று ரவுட்டரின் லாகில் தெரியும். லினக்ஸில் ஓடும் பல ரவுட்டர்களில் இந்தச் சொற்கள் உள்ள வரி இருக்கும்:

```
DFS-RADAR-DETECTED freq=5580
```

5580 என்பது சேனல் 116. இணைப்பு அறுந்த நேரமும் இந்த வரியின் நேரமும் ஒத்துப்போனால் சந்தேகம் தீர்ந்தது. அருகில் ரேடாரே இல்லாமலும் இந்த வரி வரலாம். வேறு சிக்னலை ரேடார் என்று ரவுட்டர் தவறாக எடுத்துக்கொள்வதுண்டு.

விமான நிலையம், துறைமுகம், வானிலை ரேடார் பக்கத்தில் குடியிருந்தாலோ, வீட்டிலிருந்து நாள் முழுக்க மீட்டிங் பேசினாலோ ரேடார் சேனல்கள் வேண்டாம். ஆட்டோவை எடுத்துவிட்டு 36, அகலம் 80 என்று நிலையாக வையுங்கள். உங்கள் ரவுட்டர் காட்டினால் 149ம் நல்லது. நெருக்கமான அடுக்குமாடியில் இந்த இரண்டிலும் அண்டை வீட்டு வைஃபைகள் நிரம்பியிருந்தால் 100, அகலம் 80 போட்டுப் பார்க்கலாம்; அது 112ஓடு நின்றுவிடுவதால் அந்த வானிலை ரேடாரின் எல்லையைத் தொடாது. சில வாரங்கள் லாகில் ரேடார் வரி வராவிட்டால் அங்கேயே இருக்கட்டும். வந்தால் 36க்கே திரும்பிவிடுங்கள். நெரிசலில் வேகம் கொஞ்சம் குறைந்தாலும் ரேடாரால் பேச்சு பாதியில் அறுந்துபோகாது.