கூட்டினால் 27 வரும் எழுத்துகள்

BY, DW, GT, KP. இந்த வரிசையில் அடுத்து வரவேண்டியது எது? கீழே நான்கு விடைகள்: OL, PK, OK, PL.

எஸ்.எஸ்.சி., ரயில்வே, வங்கித் தேர்வுகளின் ரீசனிங் பகுதியில் இந்த மாதிரிக் கேள்விகள் வாடிக்கையாக வரும். எஸ்.எஸ்.சி. நடத்தும் சி.ஜி.எல். முதல் கட்டத் தேர்வில் 100 கேள்விகளுக்கு 60 நிமிடம். கணக்குப் போட்டால் ஒரு கேள்விக்கு 36 நொடிதான். தவறான விடைக்கு அரை மதிப்பெண் வேறு போய்விடும். அந்த நேரத்துக்குள் A, B, C, D என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தால் கதை ஆகாது. எண்ணாமலே கண்டுபிடிக்க வழி இருக்கிறது. மேலே உள்ள ஒரே கேள்வியைப் பிரித்துப் பார்த்தாலே அது பிடிபடும்.

முதலில் ஒவ்வோர் எழுத்துக்கும் உரிய எண் தெரிய வேண்டும். A என்றால் 1, Z என்றால் 26. நடுவில் இருப்பவற்றை மனப்பாடம் செய்யத்தான் பலரும் சிரமப்படுகிறார்கள். பயிற்சி வகுப்புகளில் இதற்கு ‘EJOTY’ என்ற ஐந்தெழுத்தைச் சொல்லித் தருவார்கள். E 5, J 10, O 15, T 20, Y 25. இந்த ஐந்தும் மனத்தில் நின்றுவிட்டால் மற்றவை பக்கத்து வீடுதான். K வேண்டுமா? J-க்கு அடுத்தது, ஆகவே 11. W வேண்டுமா? Y-க்கு இரண்டு முன்னால், ஆகவே 23. எந்த எழுத்தும் இந்த ஐந்தில் ஒன்றிலிருந்து அதிகபட்சம் இரண்டடி தள்ளித்தான் இருக்கும். A, B இரண்டு மட்டும் விதிவிலக்கு. அவற்றின் எண்ணை யாரும் தேட வேண்டியதில்லை.

இனி நம் கேள்விக்கு வருவோம். ஒவ்வொரு ஜோடியிலும் உள்ள முதல் எழுத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். B, D, G, K. எண்ணாக எழுதினால் 2, 4, 7, 11. இடைவெளி 2, 3, 4 என்று ஏறிக்கொண்டே போகிறது. அப்படியானால் அடுத்த இடைவெளி 5. 11-உடன் 5 கூட்டினால் 16. அது P.

இங்கேதான் நிறையப் பேருக்குச் சறுக்குகிறது. B-க்கும் D-க்கும் நடுவே விடுபட்டது C என்ற ஒரே எழுத்து. D-க்கும் G-க்கும் நடுவே இரண்டு, G-க்கும் K-க்கும் நடுவே மூன்று. ஆக அடுத்து நான்கு எழுத்து விட வேண்டும். நான்கை விட்டுவிட்டு ஐந்தாவதைப் பிடிக்க வேண்டியவர், அவசரத்தில் K-உடன் நான்கைக் கூட்டி O-வில் நின்றுவிடுகிறார். விடும் எழுத்துகளின் எண்ணிக்கை வேறு, கூட்டும் எண் வேறு. விடுவதைவிடக் கூட்டுவது எப்போதும் ஒன்று அதிகம். ரஃப் ஷீட்டில் ஏதாவது ஒன்றை மட்டும் எழுதிப் பழகினால் இந்தக் குழப்பம் வராது. கூட்டும் எண்ணை எழுதுவதே நல்லது என்பேன். பின்னோக்கிப் போகும் தொடரிலும் அதே கணக்கைக் குறி மாற்றிப் போட்டுவிடலாம்.

இப்போது இரண்டாவது எழுத்துகள். Y, W, T, P. இவற்றையும் தனித் தொடராகப் போட்டுப் பார்க்கலாம்: 25, 23, 20, 16. இறங்குவது 2, 3, 4. அடுத்து 5 இறங்கினால் 11, அதாவது K. விடை PK. ஆனால் இந்த இரண்டாவது கணக்கே தேவையில்லை. ஜோடிகளைக் கூட்டிப் பாருங்கள். B-யும் Y-யும் சேர்ந்தால் 27. D-யும் W-வும் 27. G-யும் T-யும் 27. எல்லாமே எதிரெழுத்துகள். முன்னாலிருந்து எண்ணும்போது ஓர் எழுத்து எந்த இடத்தில் இருக்கிறதோ, பின்னாலிருந்து அதே இடத்தில் இருப்பது அதன் எதிரெழுத்து. 26 எழுத்துகள் என்பதால் எந்த ஜோடியைக் கூட்டினாலும் ஒன்று அதிகமாக 27 வரும். P 16 என்று தெரிந்தவுடன் 27-லிருந்து கழித்தால் 11. வேலை பாதியாகிவிட்டது.

ஜோடிகளை நினைவில் வைக்க மாணவர்கள் தங்களுக்குள் குறிப்புச் சொற்கள் வைத்திருக்கிறார்கள். B-Y ‘பாய்’, H-S ‘ஹைஸ்கூல்’, I-R ‘இந்தியன் ரயில்வே’. G-T-க்கு டெல்லி போகும் ஜி.டி. எக்ஸ்பிரஸ் இருக்கவே இருக்கிறது. குறிப்பு மறந்தாலும் 27 கைகொடுக்கும்.

இந்த எதிரெழுத்து முறை தேர்வுக்காகக் கண்டுபிடித்தது அல்ல. எபிரேய மொழியில் ‘அத்பாஷ்’ என்ற பெயரில் பழங்காலத்திலேயே இருந்த மறைமொழி இது. விவிலியத்தின் எரேமியா நூலில் பாபிலோனுக்குப் பதிலாக ‘சேசாக்கு’ என்று ஒரு பெயர் வரும். எபிரேயத்தில் 22 எழுத்துகள்; ஆகவே அங்கே ஜோடியின் கூட்டல் 23. பாபேல் என்ற சொல்லின் எழுத்துகளுக்கு எதிரெழுத்தைப் போட்டால் கிடைப்பதுதான் அந்தப் பெயர்.

நம் கேள்வியின் தவறான விடைகளையும் ஒருமுறை பார்த்துவிடுவோம், ஏனென்றால் அவற்றைக் கேள்வி தயாரிப்பவர் யோசித்துத்தான் வைக்கிறார். OK, PL இரண்டையும் கூட்டினால் 26, 28. 27 வராததால் உடனே அடித்துவிடலாம். OL அப்படியல்ல. 15-ம் 12-ம் சேர்ந்தால் 27. அதுவும் சரியான எதிரெழுத்து ஜோடிதான். K-உடன் நான்கைக் கூட்டி O-வில் நின்றவருக்காகவே அது அங்கே காத்திருக்கிறது. எதிரெழுத்தைச் சரிபார்த்து நிம்மதியாக அதைக் குறித்துவிட்டு வருவார். ஆகவே 27 இரண்டு விடைகளை நீக்கித் தரும்; மீதி இரண்டில் எது என்று சொல்ல இடைவெளிக் கணக்குத்தான் வேண்டும்.

கேள்வியைச் சற்று மறைத்துக் கேட்பதும் உண்டு. C, X, F, U, I, R என்று ஒற்றை எழுத்துகளாக வந்தால், பக்கத்துப் பக்கத்து எழுத்துகளின் இடைவெளி 21 ஏறி, 18 இறங்கி, 15 ஏறி என்று ஊசலாடும். அப்படி ஏறி இறங்கினால் இரண்டு தொடர்களைப் பின்னியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். ஒன்றுவிட்டு ஒன்றாகப் படித்தால் C, F, I ஒரு பக்கம், X, U, R மறுபக்கம். ஒன்று மூன்று மூன்றாக ஏறுகிறது, மற்றது மூன்று மூன்றாக இறங்குகிறது. அடுத்து L, பிறகு O. C-X, F-U, I-R என்று எதிரெழுத்து ஜோடிகளாகப் பார்த்தாலும் அதே விடைதான் வரும். தொடர் Z-ஐத் தாண்டினாலும் பயப்பட வேண்டாம். R, V, Z-க்கு அடுத்து 30 வரும். 26-ஐக் கழித்தால் 4, அதாவது D.

இத்தனைக்குப் பிறகும் தீராத ஒரு சிக்கல் உண்டு. A, B, D என்று மூன்றே எழுத்தைக் கொடுத்து அடுத்ததைக் கேட்டால் 1, 2, 4 என்ற எண்களுக்கு இரண்டு விளக்கம் பொருந்தும். இடைவெளி ஒன்று, இரண்டு, மூன்று என்று வளர்ந்தால் அடுத்தது 7, அதாவது G. ஒவ்வோர் எண்ணும் இரட்டிப்பானால் 8, அதாவது H. இரண்டுமே நியாயமானவை. நல்ல வினாத்தாளில் நான்காவது எழுத்தையும் கொடுத்திருப்பார்கள், அல்லது இரண்டில் ஒன்றை மட்டுமே விடைகளில் வைத்திருப்பார்கள். அதனால் குறைவான எழுத்துகள் கொண்ட தொடரில் விதியைத் தேடும் முன் விடைகளைப் பார்த்துவிடுவது நல்லது. G-யும் H-உம் இரண்டுமே அங்கே இருந்தால், தவறு கேள்வியில்தான். 36 நொடியை அதில் செலவழிக்காமல் அடுத்த கேள்விக்குப் போய்விட்டு, உத்தேச விடைக்குறிப்பு வெளியாகும்போது ஆட்சேபம் தெரிவிக்கலாம்.