கொதிக்கும் திரவங்களின் பொதுக் கணக்கும் நீரின் விலகலும்

அயர்லாந்து இயற்பியலாளர் பிரெடரிக் ட்ரௌட்டன் 1884இல் ஒரு வியப்பான ஒற்றுமையைக் கவனப்படுத்தினார். ஒரு மோல் திரவத்தை ஆவியாக்கத் தேவைப்படும் வெப்பத்தை அதன் கொதிநிலையால் (கெல்வினில்) வகுத்தால், பல திரவங்களுக்கு ஏறக்குறைய ஒரே எண் வருகிறது. பென்சீனை எடுத்துக்கொள்வோம். வெப்பம் 30,700 ஜூல், கொதிநிலை 353 கெல்வின், வகுத்தால் 87. டொலுவீனுக்கும் ஏறத்தாழ இதுவே, ஹெக்சேனுக்கு 85.

இந்த எண்தான் ஆவியாதலின் என்ட்ரோபி. மூலக்கூறுகள் எத்தனை விதமாகப் பரவி நிற்க முடியும் என்பதை என்ட்ரோபி அளக்கிறது. கொதிக்கும்போது சுமார் 100 மில்லி பென்சீன் 29 லிட்டர் ஆவியாகிறது. ஒரு மோல் ஆவி, எந்தப் பொருளுடையதானாலும், சாதாரண அழுத்தத்தில் ஏறக்குறைய இவ்வளவு இடத்தைத்தான் பிடிக்கும். சாதாரணத் திரவங்களுக்குள் மூலக்கூறுகள் ஒழுங்கில்லாமல் நெருங்கிக் கிடப்பதும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். தொடக்கமும் முடிவும் ஒத்திருப்பதால் இடைவெளியும் ஒத்திருக்கிறது.

நீருக்கு இந்தக் கணக்கு 109 என்று வருகிறது. எத்தனாலுக்கு 110, மெத்தனாலுக்கு 104. ஹைட்ரஜன் பிணைப்பு வலுவானது, அதனால் வெப்பம் அதிகம் தேவைப்படுகிறது என்று பலரும் காரணம் சொல்வார்கள். அது பாதி விடைதான். ஈர்ப்பு வலுத்தால் கொதிநிலையும் உயரும். பெரிய வெப்பத்தைப் பெரிய கொதிநிலையால் வகுக்கும்போது பழைய எண்ணே திரும்பி வரலாம். டொலுவீன் பென்சீனைவிட அதிக வெப்பம் கேட்டும் விதிக்குள் நிற்பது இப்படித்தான்.

மீதி விடை, அந்தப் பிணைப்புக்குத் திசை உண்டு என்பது. ஒரு நீர் மூலக்கூறின் ஹைட்ரஜன், அடுத்ததன் ஆக்சிஜனை நோக்கி நிற்க வேண்டும். அதனால் மூலக்கூறுகள் விரும்பியபடி திரும்ப முடிவதில்லை. திரவத்திலேயே ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. எத்தனாலில் அவை சங்கிலியாகக் கோத்து நிற்கின்றன. ஆவியிலோ அநேகமாக எல்லாம் தனித்தனி. ஒழுங்கான இடத்திலிருந்து கிளம்புவதால் தாண்ட வேண்டிய தூரம் கூடுகிறது.

இதைச் சரிபார்க்க அசிட்டிக் அமிலம் அருமையான சான்று. அதிலும் ஹைட்ரஜன் பிணைப்பு உண்டு. ஆனால் எண் 61 மட்டுமே! அதன் மூலக்கூறுகள் ஆவியிலும் பெரும்பாலும் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டே திரிகின்றன. முழு விடுதலை கிடைக்காததால் என்ட்ரோபி உயர்வும் குறைகிறது. ஆகவே பிணைப்பு இருக்கிறதா என்று கேட்டால் போதாது. அது திரவத்தோடு அறுகிறதா, ஆவியிலும் தொடர்கிறதா என்று கேட்க வேண்டும்.

கொதிநிலை மட்டும் தெரிந்த பென்சீன் போன்ற திரவத்துக்கு அதை 88ஆல் பெருக்கி வெப்பத்தை மதிப்பிடலாம். நீருக்கு அப்படிச் செய்தால் சுமார் 33,000 ஜூல் வரும். உண்மை அளவு 40,700.